தேதி தாண்டிய தயிர் டப்பா: எதைப் பார்த்துச் சாப்பிடலாம், எதைப் பார்த்துக் கொட்ட வேண்டும்?

சுமதி_வீ

ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்யும்போது பின்பக்கத்தில் இரண்டு டப்பா கிடைத்தது. இரண்டிலும் அச்சடித்த தேதி போய்விட்டது.

முதலாவது 400 கிராம் சாதா தயிர், சர்க்கரை சேர்க்காதது. தேதி முடிந்து 8 நாள் ஆகிறது. இந்த வாரத் தொடக்கத்தில்தான் திறந்தோம், மூன்றில் ஒரு பங்கு எடுத்தாயிற்று. கரண்டி விட்ட பள்ளத்தில் மஞ்சள் கலந்த தண்ணீர் நிற்கிறது. முகர்ந்தால் புளிப்பு வாடை, வேறு ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது ஸ்ட்ராபெர்ரி போட்ட சின்னக் கப். இன்னும் திறக்கவில்லை, தேதி முடிந்து 2 நாள்தான் ஆகிறது. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் அலுமினிய மூடி கொஞ்சம் மேல்நோக்கி எழும்பியிருக்கிறது.

சாதா தயிரைக் கொட்டிவிட்டு ஸ்ட்ராபெர்ரியைச் சாப்பிடலாம் என்கிறார் கணவர். சீல் பிரிக்காதது, 2 நாள் எல்லாம் ஒரு கணக்கா என்பது அவர் வாதம். தேதியை விட்டுவிட்டு, பார்த்து முடிவு செய்ய நம்பகமான அடையாளம் ஏதாவது உண்டா?

பாலகுமார்

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி, சகோதரி. தயிர் தண்ணீர் விட்டாலே கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் திறந்த டப்பா, 8 நாள். யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். சீல் உடையாத கப்புக்குள் வெளியிலிருந்து எதுவும் போக முடியாது, அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

நடேசன்_லேப்

பால் பொருள் ஆலையின் ஆய்வகத்தில் பல வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். இந்த இரண்டில் என்னை உறுத்துவது அந்த ஸ்ட்ராபெர்ரி கப்தான். சுமதி மேடம், அதை இப்போது திறக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரும் இடத்தில் வைத்து, நாளைக் காலையில் மூடியை ஒருமுறை பாருங்கள். காரணம் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் விஷயம். தயிர் என்பது பால் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு, அந்த வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். கரண்டி விட்டு வெட்டினால் அந்த இடத்தில் வலை அறுந்து தண்ணீர் பள்ளத்தில் ஊறும். நாளாக ஆக புளிப்பு ஏறும், வலையும் இன்னும் சுருங்கும், அப்போது தண்ணீர் கூடுதலாக வெளியே வரும். இளம் மஞ்சளாக, லேசான பச்சைச் சாயலோடு, தெளிவாக இருந்தால் அது பாலில் இருக்கும் தண்ணீர்தான். கலக்கிவிட்டுச் சாப்பிடலாம். அதே தண்ணீர் கலங்கலாக, வழுவழுவென்று, அல்லது சாம்பல், இளஞ்சிவப்பு நிறமாக இருந்தால் கதை வேறு. அப்படி இருந்தால் கொட்ட வேண்டியதுதான்.

அடுத்து மூடி. தயிரை உறைய வைக்கும் பாக்டீரியா இரண்டும், அதாவது லாக்டோபாசிலஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தைத்தான் தருகின்றன. மூடியைத் தூக்குகிற அளவுக்கு அவை வாயு விடுவதில்லை. ஆகவே சாதாரண தயிர்க் கப் உப்பினால், உள்ளே வேறு யாரோ வேலை செய்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் அது ஈஸ்ட்.

பாலகுமார்

சீல் செய்த கப்புக்குள் ஈஸ்ட் எப்படிப் போகும்?

நடேசன்_லேப்

சீல் செய்வதற்கு முன்பே போய்விடும். உறை ஊற்றுவதற்கு முன் பாலை 85 டிகிரிக்கு மேல் சூடாக்கி நிறுத்துவார்கள், அதில் ஈஸ்ட் தப்பாது. ஆனால் பழக்கூழ் பிறகுதான் கலக்கப்படுகிறது. பழக்கூழ், நிரப்பும் இயந்திரத்தின் குழாய் முனை, கப், மூடி, அந்த அறையின் காற்று, இவற்றில் எது வழியாகவும் சில ஈஸ்ட் செல்கள் உள்ளே வரலாம். அவை புளிப்பைப் பொருட்படுத்தாது, ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாகப் பெருகும்.

ஸ்ட்ராபெர்ரி கப்பில் இன்னொரு வசதியும் அவற்றுக்கு உண்டு. தயிரைக் கெடுக்கும் ஈஸ்ட்களில் பலவற்றால் பால் சர்க்கரையைத் தின்ன முடியாது. சேர்த்த சர்க்கரையும் பழச் சர்க்கரையும் இருந்தால்தான் அவற்றுக்குக் கொண்டாட்டம். சாதா தயிரை விட பழத் தயிர் உப்புவது அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் நாளை வரை பொறுக்கச் சொன்னேன் என்றால், மூடி எழும்புவதற்கு ஆபத்தில்லாத காரணங்களும் உண்டு. கப்பின் மேல்பகுதியில் கொஞ்சம் காற்று இருக்கும். 4 டிகிரியில் இருந்தது 30 டிகிரிக்கு வந்தால் அந்தக் காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு விரியும், மூடி லேசாக எழும்பும். தரைமட்டத்தில் நிரப்பிய கப்பை மலைமேல் கொண்டுபோனாலும் எழும்பும். வெப்பத்தால் எழும்பியது குளிர்ந்ததும் தட்டையாகிவிடும். வாயுவால் எழும்பியது குளிர்ந்த பிறகும் விறைப்பாகவே நிற்கும். ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்யும்போது எவ்வளவு நேரம் வெளியே வைத்திருந்தீர்கள் என்று தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்.

ராஜேஸ்வரி அம்மா

பழைய தயிரை எடுத்துப் புதுசாக உறை ஊற்றினால் சரியாக உறையாது சுமதி. நீர்த்துப் போகும், நூல் நூலாகவும் வரும். உறை ஊற்ற எப்போதும் புதிய தயிரைத்தான் எடுக்க வேண்டும்.

சுமதி_வீ

அம்மா, உறை ஊற்றுவதற்காகக் கேட்கவில்லை. அப்படியே சாப்பிடலாமா என்பதுதான் என் சந்தேகம்.

நடேசன் சார், மேடைமேல் எவ்வளவு நேரம் இருந்தது என்று சரியாகத் தெரியவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் இருக்காது. உள்ளே வைத்துவிட்டேன், காலையில் பார்த்துச் சொல்கிறேன்.

நடேசன்_லேப்

அம்மா சொன்னதிலும் நமக்கு உபயோகமான ஒன்று இருக்கிறது. பழைய டப்பாவில் ஈஸ்ட் கொஞ்சம் இருந்தால், அதை உறையாக ஊற்றும்போது புதுப் பாலுக்கும் சேர்த்துக் குடியேற்றிவிடுகிறோம். தேதி தாண்டிய தயிரைச் சாப்பிட்டு முடிக்கலாம், உறைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

கவின்

இவ்வளவு யோசிக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் தேதியை யாரும் பார்ப்பதே இல்லை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும், கெட்டது என்றால் நாக்கே சொல்லும். சந்தேகமாக இருந்தால் சமையலில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் எல்லாம் செத்துவிடும்.

டாக்டர்_மங்கை

கவின், நீங்கள் சொல்வதில் பாதி சரி. புளிப்பு மிகுந்த பொருள் என்பதால் தயிரில் பெரும்பாலும் கெடுவது ருசியும் வாசனையும்தான், அதை மூக்கும் நாக்கும் பிடித்துவிடும். ஆனால் இரண்டு இடத்தில் அந்த வழி உதவாது.

ஒன்று பூசணம். பூசணம் வந்த தயிரைக் கொதிக்கவைத்தால் பூசணம் சாகும், சில வகைப் பூசணம் விட்டுச்செல்லும் நச்சு அந்தச் சூட்டில் அழியாது. அதனால் கொதிக்கவைப்பது தீர்வாகாது.

இன்னொன்று வாசனையே காட்டாத கிருமிகள். லிஸ்டீரியா குளிரிலும் வளரக்கூடியது. தயிரின் புளிப்பு அதை வளரவிடாமல் தடுக்கும், ஆனாலும் உள்ளே போய்விட்டால் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கலாம். அது இருக்கிறதா என்று முகர்ந்து சொல்ல யாராலும் முடியாது. ஆகவே கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இருக்கும் வீட்டில் அடையாளம் பார்த்து முடிவு செய்யும் பேச்சே வேண்டாம். அவர்களுக்குத் தேதிக்குள் இருக்கும் தயிரை மட்டும் கொடுங்கள்.

நாக்கில் வைப்பது கடைசிப் படியாக இருக்கட்டும். முதலில் கண், அப்புறம் மூக்கு. இரண்டிலும் தேறினால்தான் நாக்கு.

முத்துச்செல்வி

மேலே ஒரே ஒரு ஓரத்தில் மிளகு அளவு பச்சைப் புள்ளி இருந்தால்? கெட்டியான சீஸில் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்கிறார்கள். தயிரிலும் அப்படிச் செய்யலாமா? என் மாமியார் எப்போதும் மேலே வழித்துவிட்டுத்தான் கொடுப்பார், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நடேசன்_லேப்

வேண்டாம், மேடம். கெட்டி சீஸில் ஈரம் குறைவு, பூசணத்தின் இழை உள்ளே போகச் சிரமப்படும். தயிர் பெரும்பகுதி தண்ணீர். கண்ணுக்குத் தெரியும் புள்ளி என்பது பூசணம் வித்து விடும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்பதன் அடையாளம். அதற்கு முன்பே இழைகள் கீழே இறங்கியிருக்கும். மென்மையான பொருளில் பூசணம் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறையும். மாமியார் கொடுத்து ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம், எல்லாப் பூசணமும் நச்சு விடுவதில்லை என்பதுதான். எது விடும், எது விடாது என்று வீட்டில் வைத்துப் பிரித்தறிய வழியில்லை.

பூசணத்துக்குக் காற்று வேண்டும். அதனால் திறந்த டப்பாவில் அது முதலில் தலைகாட்டும் இடங்கள் மூடியின் உட்பக்கம், விளிம்பு, தயிர் ஒட்டிக் காய்ந்திருக்கும் பக்கச் சுவர். நடுப் பரப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும்போதே விளிம்பில் வந்திருக்கும். டப்பாவைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மூடியைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு மாதிரி ஏதாவது தெரிந்தால் அதற்குமேல் முகர்ந்து பார்க்க வேண்டாம், வித்து மூக்குக்குள் போகும்.

பாலகுமார்

சரி, தண்ணீர் விஷயத்தில் உங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இதைச் சொல்லுங்கள். சீல் உடைக்காத கப்பில் காற்று குறைவு, பூசணமும் வளராது. அப்படியிருக்க மூடி உப்பினால் ஈஸ்ட் மட்டும்தானே? ஈஸ்ட் என்றால் ரொட்டியிலும் போடுகிறோம். ருசி கெடும், ஆபத்து என்ன?

நடேசன்_லேப்

நல்ல கேள்வி. ஈஸ்ட் புளிக்கவைத்த தயிரைச் சாப்பிட்டுப் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு வயிறு உப்பும், கலக்கும். என் கவலை, உப்பிய மூடியைப் பார்த்து உள்ளே இருப்பது ஈஸ்ட் மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்பதில்.

2013-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் தயிர்க் கப்கள் உப்பி, பொங்கி வருவதாகப் புகார் வந்து சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். குமட்டல், வயிற்றுப் பிடிப்பு என்று 200-க்கும் மேற்பட்டவர்கள் புகார் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது மியூகார் சர்சினெல்லாய்டிஸ் என்ற பூசணம். காற்று இருக்கும் இடத்தில் பஞ்சுபோல வளரும், காற்று இல்லாத இடத்தில் ஈஸ்ட் மாதிரி உருண்டை செல்களாக மாறி வாயு விடும். சீல் செய்த கப்பில் பஞ்சு தெரியாது, உப்பிய மூடி மட்டும்தான் தெரியும். நோய் எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கு அந்த இனப் பூசணங்கள் கடுமையான தொற்றையே உண்டாக்கக்கூடும்.

ஆகவே குளிர்ந்த பிறகும் மூடி விறைப்பாக நின்றால், அல்லது திறக்கும்போது உஸ் என்று காற்று வந்தால், நாக்கில்கூட வைக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். கெஃபிர் என்ற புளித்த பால் பானத்தில் ஈஸ்ட்டை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், அது லேசாகப் பொங்குவது இயல்பு. இந்த அளவுகோலை அதற்கு வைக்கக்கூடாது.

அன்வர்_ப

என் பிரச்சினையையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். தேதி இன்னும் 10 நாள் இருக்கும் சீல் பிரிக்காத தயிர், வண்டியிலேயே மறந்து மதியம் முழுக்கக் கிடந்துவிட்டது. குளிர் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்ட வேண்டும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. ஆனால் தயிரே 40 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைத்துத்தானே உறைகிறது? பிறகு எதற்கு 2 மணி நேரம்? எனக்கு இது பிடிபடவே இல்லை.

டாக்டர்_மங்கை

உறையும்போது இருக்கும் நிலை வேறு, அன்வர். அப்போதுதான் சூடாக்கி கிருமி நீக்கிய பால், அதில் அள்ளிக் கொட்டிய உறை பாக்டீரியா. போட்டியே இல்லாமல் அவை சில மணி நேரத்தில் அமிலத்தை ஏற்றிவிடுகின்றன. 2 மணி நேர விதி கெடக்கூடிய எல்லா உணவுக்கும் பொதுவாக வைத்தது, 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரம்தான். மூடிய வண்டிக்குள் மதியம் முழுக்க என்றால் நான் கொட்டத்தான் சொல்வேன்.

நடேசன்_லேப்

இதில் டாக்டர் மேடத்தோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. புளிப்பை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு அதிகம். சீல் பிரிக்காத சாதா தயிரின் பி.எச். 4.6-க்குக் கீழே, பெரும்பாலும் 4.0-லிருந்து 4.4-க்குள் இருக்கும். சில மணி நேரச் சூட்டில் அங்கே நோய்க்கிருமி பெருகுவது கடினம். முதலில் நடப்பது, தூங்கிக் கிடந்த உறை பாக்டீரியா விழித்துக்கொண்டு இன்னும் புளிக்கவைப்பது. ஆனால் உள்ளே நாலைந்து ஈஸ்ட் செல் இருந்தால் அவையும் அந்த மதியத்தில் பெருகிவிடும். அதன் பிறகு அச்சடித்த தேதிக்கு மதிப்பில்லை. நான் என்றால் அன்றே குளிரவைத்து, மூடியையும் வாசனையையும் பார்த்து, ஓரிரு நாளில் முடித்துவிடுவேன். பழத் தயிர் என்றால் கொட்டிவிடுவேன்.

டாக்டர்_மங்கை

ஆலையில் தயிரின் பி.எச். அளந்து பார்த்தவர் நீங்கள், உங்களுக்கு அந்தத் துணிவு இருக்கலாம். வீட்டில் யாரும் அளப்பதில்லை, எல்லாத் தயிரும் ஒரே புளிப்பிலும் இல்லை. நான் விதியோடுதான் நிற்பேன்.

கவின்

மூக்கு போதாது என்பதற்கு லிஸ்டீரியா தவிர வேறு உதாரணம் உண்டா? தயிரால் பெரிதாக யாருக்கும் ஏதாவது ஆகியிருக்கிறதா?

டாக்டர்_மங்கை

1989-ல் பிரிட்டனில் ஹேசல்நட் தயிர் சாப்பிட்ட 27 பேருக்கு பாட்டுலிசம் என்ற, கிருமியின் நச்சால் வரும் நோய் வந்தது, ஒருவர் இறந்தார். நச்சு தயிரில் உருவாகவில்லை. தயிரில் கலந்த ஹேசல்நட் கூழைச் சரியாகச் சூடாக்காமல் டின்னில் அடைத்திருந்தார்கள், சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பு போட்டிருந்தார்கள். நச்சு அந்த டின்னிலேயே உருவாகி, தயிரோடு கலந்து வந்துவிட்டது. புளிப்பு புதிதாகக் கிருமி வளர்வதைத் தடுக்கும், ஏற்கெனவே உருவான நச்சை எடுத்துவிடாது. மிக அரிதான சம்பவம்தான். கண்ணும் மூக்கும் எதுவரை கைகொடுக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

சுமதி_வீ

காலையில் பார்த்தேன். ஸ்ட்ராபெர்ரி கப் சில்லென்று இருக்கிறது, மூடி நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எழும்பியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழியவில்லை, திரும்பி வருகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள முகத்தைத் தள்ளிவைத்து, சிங்க்கில் வைத்துத் திறந்தேன். உஸ் என்று காற்று வந்தது, பழத்தைச் சுற்றிக் குமிழிகள். ரொட்டி மாவு புளித்த வாடை. கொட்டியாயிற்று.

சாதா தயிர் டப்பாவை நீங்கள் சொன்னபடி வெளிச்சத்தில் சாய்த்து, மூடியைத் திருப்பி, விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். புள்ளி எதுவும் இல்லை, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. வாசனை சுத்தமான புளிப்பு. வீட்டில் நாங்கள் இருவர்தான், இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஒரு சந்தேகம் பாக்கி. சுவற்றோரம் தயிர் சின்னச் சின்னத் திரியாக, மணல் மாதிரி இருக்கிறது. அது என்ன?

நடேசன்_லேப்

புளிப்பு ஏறிப் புரதம் சுருங்கும்போது அப்படித் திரியும். ருசிக்குத்தான் குறை. கரண்டியால் அடித்துக் கலக்கினால் ஓரளவு சரியாகும். ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். வெறும் புளிப்பு என்றால் சாப்பிடலாம். நாக்கில் சுரீரென்று குத்தினாலோ, கசந்தாலோ, எண்ணெய் சிக்குவாடை தெரிந்தாலோ துப்பிவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

தேறினாலும் இன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள். தேதி என்பது சீல் உடைக்காத டப்பாவுக்குப் போட்டது. திறந்த கணத்திலிருந்து வேறு கணக்கு, 5 முதல் 7 நாள். உங்கள் டப்பா அந்த எல்லையை நெருங்கிவிட்டது. சுத்தமான கரண்டியால் மட்டும் எடுங்கள், வாயில் வைத்த கரண்டி வேண்டாம்.

முத்துச்செல்வி

சீல் உடைக்காத சாதா தயிர் என்றால் தேதிக்குப் பிறகு அதிகபட்சம் எத்தனை நாள் போகலாம்? ஒருவர் ஒரு வாரம் என்கிறார், இன்னொருவர் மூன்று வாரம் என்கிறார்.

நடேசன்_லேப்

தேதிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 'யூஸ் பை' என்று இருந்தால் அது பாதுகாப்புக்காகப் போட்ட தேதி, அதைத் தாண்ட வேண்டாம் என்றே சொல்வேன். 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் தரத்துக்கான தேதி. 4 டிகிரியில் இடைவிடாமல் இருந்த டப்பா, மூடி தட்டையாக இருந்தால், ஒரு வாரம் வரை நான் தயங்கமாட்டேன். இரண்டு வாரம் போன டப்பாவையும் எங்கள் ஆய்வகத்தில் நல்ல நிலையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே குளிர் அரை டிகிரி மாறாது. வீட்டு ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு ஏறி இறங்கும். அதனால்தான் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள்.

டாக்டர்_மங்கை

நான் ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

அன்வர்_ப

தேங்காய்ப் பால், சோயாப் பால், முந்திரியில் செய்யும் தயிருக்கும் இதே அடையாளங்கள்தானா?

நடேசன்_லேப்

பூசணம், உப்பல், நிறமாற்றம் இவை மூன்றும் அதற்கும் பொருந்தும். புளிப்பை நம்பிச் சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலவற்றில் புளிப்பு பால் தயிர் அளவுக்கு ஏறுவதில்லை, சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். அவற்றில் தேதிக்கு மேல் நான் போகமாட்டேன்.